வேலை விவர ஆவணத்தில் தெளிவில்லாத வரி: கையெழுத்துக்கு முன் விளக்கத்தை எந்த வடிவில் வாங்குவது?

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலை. குச்சிக்கிழங்கு லோடு உள்ளே வந்ததும் எடை போட்டு, மாவுச்சத்து பாயின்ட் பார்த்து, விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடும் வேலை அங்கே இன்னமும் நோட்டில்தான் நடக்கிறது. அதை மென்பொருளாக்கித் தர, சேலத்தில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் 6,00,000 ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் கேட்டிருக்கிறது. ஆலை ஒத்துக்கொண்டு இரண்டு பக்க வேலை விவர ஆவணத்தை அனுப்பியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட கற்பனை உதாரணம்தான் இது. ஆனால் ஆவணத்தில் இருக்கும் இந்த நான்கு வரிகளைப் போன்றவற்றை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள்:

வரி 3: எடைமேடையை மென்பொருளுடன் இணைத்துத் தருதல்.
வரி 5: பழைய கணக்குகளை ஏற்றித் தருதல்.
வரி 6: தேவையான எல்லா ரிப்போர்ட்டுகளும்.
வரி 9: வேலை திருப்தியாக முடிந்த பின் மீதி 40 சதவீதம்.

இவற்றுக்கு விளக்கம் கேட்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எந்த வடிவில் கேட்டு, எந்த வடிவில் பதில் வாங்கினால் அது பிறகு நிற்கும் என்பதில்தான் தவறு நடக்கிறது. நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. போனில் அல்லது வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம். மின்னஞ்சலில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம் அனுமானங்களை எழுதி, அதற்கு உட்பட்டு ஒப்புக்கொள்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்திடலாம். கேள்வி பதிலை ஆவணத்தின் இணைப்பாகச் சேர்த்து இருவரும் கையெழுத்திடலாம். அல்லது அந்த வரியையே திருத்தி எழுதச் சொல்லலாம்.

வழியைத் தேர்வதற்கு முன் வரிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தெளிவின்மை இரண்டு விதம். ஆலைக்காரருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும், தாளில் மட்டும் வரவில்லை என்பது ஒன்று. அவரே இன்னும் முடிவு செய்யவில்லை என்பது மற்றொன்று. வரி 3, 5, 9 முதல் விதம், கேட்டால் பதில் கிடைத்துவிடும். வரி 6 இரண்டாவது விதம். எந்தெந்த ரிப்போர்ட் வேண்டும் என்று இப்போது எவ்வளவு நயமாகக் கேட்டாலும், "தொழிலுக்கு என்ன வேணுமோ அதெல்லாம்தான்" என்ற பதிலே வரும். முடிவாகாத விஷயத்துக்கு விளக்கம் கேட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது வீண். அதற்குத் தனி மருந்து உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

பேச்சும் வாட்ஸ்அப்பும்

வேகமும் உறவு கெடாமல் இருப்பதும் இதன் பலம். பதில் சொல்பவர் யார் என்பதில் பலவீனம் தொடங்குகிறது. எடைமேடையைப் பற்றிக் கேட்டால், அதை நன்றாகத் தெரிந்த ஆலை மேலாளர் பதில் சொல்வார். ஆனால் கையெழுத்துப் போடுவது முதலாளி, அல்லது பங்குதாரர்களில் ஒருவர். "மேனேஜர் சொன்னது எனக்குத் தெரியாதே" என்று அவர் சொன்னால், அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

வாட்ஸ்அப் செய்தி சான்றாகாது என்றில்லை. மின்னணுப் பதிவாக அதைத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும், செய்தி அழியாமல் இருக்க வேண்டும். எந்த ஆவணத்தின் எந்த வரியைப் பற்றிப் பேசினோம் என்பதும் அதிலிருந்தே தெரிய வேண்டும். "ஓகே சார்" என்ற பதிலில் அது தெரியாது. விஷயம் என்னவென்று புரிந்துகொள்வதற்குப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள், பதிவுக்கு அல்ல.

மின்னஞ்சல்

பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுதான். கேள்வி போய்விட்டது, பதில் வந்துவிட்டது, இனிப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஆவணத்தின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு பொது நிபந்தனையைப் படித்த பிறகுதான் அப்படி நினைக்கலாம். "இந்த ஆவணமே தரப்பினரிடையே உள்ள முழு ஒப்பந்தம், இதற்கு முந்தைய பேச்சுகள், கடிதங்கள், மின்னஞ்சல்கள் அனைத்தையும் இது நீக்குகிறது" என்ற பொருளில் ஒரு வாக்கியம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் எடுத்த மாதிரியை வைத்துத் தயாரித்த ஆவணங்களில் இது தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும், அனுப்பியவருக்கே தெரியாமல். அது இருந்தால், கையெழுத்துக்கு முன் வாங்கிய விளக்கம் கையெழுத்தோடு வலுவிழக்கிறது. முன்கூட்டியே கேட்ட நல்ல பழக்கமே அங்கே உதவாமல் போகிறது.

அந்த வாக்கியம் இல்லாவிட்டாலும் சட்டத்தில் ஒரு சுவர் இருக்கிறது. எழுத்தில் வந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றவோ கூட்டவோ குறைக்கவோ வாய்மொழிச் சான்று தர முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. விதிவிலக்குகளோடு கூடிய அந்த விதி 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 95-ஆம் பிரிவாக இருக்கிறது. அதற்கு அடுத்த பிரிவுதான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. ஆவணத்தின் மொழி பார்த்த மாத்திரத்தில் தெளிவற்றதாகவோ குறையுள்ளதாகவோ இருந்தால், அதன் பொருளைக் காட்டவும் குறையை நிரப்பவும் வெளியிலிருந்து சான்று கொண்டுவர முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு குதிரையை உதாரணம் காட்டியது. ஆயிரம் ரூபாய்க்கோ ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கோ குதிரையை விற்பதாக எழுதிக்கொண்டால், எந்த விலை பேசப்பட்டது என்று காட்டச் சான்று தர முடியாது. மின்னஞ்சலும் எழுத்துதானே, பொருள் விளக்க உதவாதா என்று வழக்கறிஞர் வாதாடலாம், சில சமயம் வெல்லவும் செய்யலாம். 6 லட்ச ரூபாய் வேலைக்கு அந்த வாதம் வரை போக வேண்டியிருப்பதே நட்டம்.

ஆகவே மின்னஞ்சல் எங்கே போதும்? தொகை சிறியது, முழு ஒப்பந்த வாக்கியம் இல்லை, கையெழுத்திடுபவரே பதில் அனுப்புகிறார் என்ற மூன்றும் சேர்ந்தால் போதும். மற்ற நேரங்களில் அது இணைப்புக்கான வரைவு, அவ்வளவே.

"இந்த அனுமானங்களுக்கு உட்பட்டு"

ஆலை கேள்விகளுக்குப் பதிலே தரவில்லை என்றால், கையெழுத்தின் மேலே "எங்கள் 12-ஆம் தேதிக் கடிதத்துக்கு உட்பட்டு" என்று எழுதித் திருப்பி அனுப்பும் பழக்கம் உண்டு. இது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் ஐந்து வழிகளில் மிகவும் ஆபத்தானது இதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். நிபந்தனை சேர்த்த ஏற்பு எதிர் முன்மொழிவாகிவிடுகிறது. ஆலை அதற்கு ஒன்றும் சொல்லாமல் முன்பணத்தை அனுப்பி, நீங்களும் வேலையைத் தொடங்கிவிட்டால், யாருடைய நிபந்தனையில் வேலை நடக்கிறது என்பதே கேள்வியாகிவிடும். ஆளுக்கொரு தாளைக் காட்டுவார்கள். வேறு வழியில்லாமல் இப்படிச் செய்ய நேர்ந்தால், ஆலையின் எதிர்க்கையெழுத்து வரும் வரை முன்பணத்தையும் வாங்காதீர்கள், வேலையையும் தொடங்காதீர்கள்.

இணைப்பும் வரித் திருத்தமும்

நிற்கும் வழிகள் இந்த இரண்டுதான். வரியைத் திருத்துவது சுத்தமானது, படிப்பவர் ஒரே இடத்தில் படித்துப் புரிந்துகொள்கிறார். ஆனால் ஆவணத்தைத் தயாரித்தவர் ஆலையின் ஆடிட்டராகவோ ஆலோசகராகவோ இருந்தால், ஒவ்வொரு திருத்தமும் அவர் வழியாகப் போய்த் திரும்பி வர வேண்டும். பத்து வரியைத் திருத்தக் கேட்டால் "ஆவணமே தப்பு என்கிறார்களா" என்ற மனத்தாங்கலும் வரலாம். இணைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மூல ஆவணம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் "இணைப்பு அ: விளக்கங்கள்" என்று ஒரு தாள் சேர்கிறது.

இணைப்பில் ஒரு குழி உண்டு. மூல வரி ஒன்று சொல்கிறது, இணைப்பு அதைக் குறுக்குகிறது என்றால் எது செல்லும்? பல பொது நிபந்தனைகளில் "முரண் ஏற்பட்டால் முதன்மை ஆவணமே செல்லும்" என்று இருக்கும். அப்படியானால் பாடுபட்டு வாங்கிய விளக்கம் தோற்றுப்போகும். அதனால் இணைப்பின் முதல் வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: "இந்த இணைப்பு வேலை விவர ஆவணத்தின் பகுதி. இரண்டுக்கும் முரண் இருந்தால், பொது நிபந்தனைகளில் வேறுவிதமாக இருந்தாலும், இந்த இணைப்பே செல்லும்." மூல ஆவணத்திலும் "இணைப்பு அ உட்பட" என்ற சொற்கள் ஓரிடத்தில் வர வேண்டும். முழு ஒப்பந்த வாக்கியத்தின் வரம்புக்குள் இணைப்பும் வருவதற்கு அதுதான் கொக்கி.

எதற்கு எது? விலையையோ கடைசித் தவணையையோ தொடும் வரியைத் திருத்திவிடுங்கள், மற்றவை இணைப்பில் இருக்கட்டும். நம் உதாரணத்தில் வரி 9 திருத்தம், வரி 3-ம் 5-ம் இணைப்பு.

கேள்வியை எழுதும் விதம்

"வரி 3-க்கு என்ன பொருள்?" என்று கேட்டால் ஆலை இன்னொரு தெளிவில்லாத வாக்கியத்தைத் திருப்பி அனுப்பும். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து, ஒப்புதலை மட்டும் கேட்க வேண்டும். வரி எண், அதை எப்படி இரண்டு விதமாகப் படிக்கலாம், நாம் எதை எடுத்துக்கொண்டு விலை போட்டோம், மற்றது என்றால் விலையும் நாளும் எவ்வளவு மாறும் என்ற நான்கும் ஒவ்வொரு கேள்வியிலும் இருக்கட்டும்.

எடைமேடையைப் பார்ப்போம். ஆலையில் எடை போடும் இடம் ஒன்றல்ல. கிழங்கு லோடு ஏறும் பெரிய எடைமேடை வாசலில் இருக்கிறது. ஜவ்வரிசியை மூட்டை பிடிக்கும் இடத்தில் சிறு தராசு தனியாக இருக்கும். மேலாளர் "எடைமேடை" என்று சொல்லும்போது இரண்டையும் நினைத்திருக்கலாம். அடுத்து, "இணைத்தல்" என்றால் எதுவரை? எடைமேடையின் இண்டிகேட்டரில் ஆர்எஸ்-232 போர்ட் இருந்தால், கேபிள் இழுத்து அது அனுப்பும் எண்களை மென்பொருள் படித்துக்கொள்ளும். போர்ட் இல்லாத பழைய இண்டிகேட்டர் என்றால் அதை மாற்ற வேண்டும். அது எடைமேடை நிறுவனத்தின் வேலை. சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரையைத் தொட நேர்ந்தால் மறுமுத்திரையும் தேவைப்படும். இந்தச் செலவு யாருடையது என்று வரி 3 சொல்லவில்லை. மின்சாரமோ கேபிளோ போனால் எடையைக் கையால் பதிய விடுவதா என்பது இன்னொரு கேள்வி. கையால் பதியலாம் என்றால் விவசாயி சந்தேகப்பட இடமுண்டு. கூடாது என்றால் லோடு வாசலிலேயே நிற்கும். இதை முடிவு செய்ய வேண்டியது ஆலைதான்.

இணைப்பில் எழுதும்போது இப்படி முடியும்: "வரி 3-இல் எடைமேடை என்பது நுழைவாயிலில் உள்ள ஒரே எடைமேடையைக் குறிக்கும். இண்டிகேட்டரில் வேலை செய்யும் ஆர்எஸ்-232 போர்ட் இருப்பதை ஆலை உறுதி செய்கிறது. இண்டிகேட்டர் மாற்றம், முத்திரைச் செலவு ஆலையுடையது. இண்டிகேட்டரிலிருந்து கணினி வரை 15 மீட்டர் கேபிள் விலையில் அடங்கும். கையால் பதியும் வசதி முதலாளியின் கடவுச்சொல்லுக்கு மட்டும் திறக்கும், அப்படிப் பதிந்த சீட்டில் அது அச்சாகும். மூட்டைத் தராசும் வேண்டுமென்றால் கூடுதல் 45,000 ரூபாய், 8 வேலை நாள்."

வரி 5-இல் பணம் எப்படிக் கரைகிறது என்பதைக் கணக்கே காட்டும். "பழைய கணக்கு" என்பதை மென்பொருள் நிறுவனம் விவசாயிகளின் நிலுவைத் தொகை மட்டும் என்று படிக்கும். 800 பேர் என்றால், ஆலை ஓர் எக்செல் தாளில் தந்தால், சரிபார்ப்போடு இரண்டு நாள் வேலை. முதலாளியோ மூன்று ஆண்டு நோட்டில் இருக்கும் ஒவ்வொரு லோடும் கணினியில் வரும் என்று நினைத்திருக்கலாம். நாளுக்கு 60 லோடு, ஆண்டுக்கு 150 நாள் என்று வைத்தால் மூன்று ஆண்டுக்கு 27,000 பதிவு. பதிவுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 675 மணி நேரம், எட்டு மணி நேர நாளில் 84 நாள். ஓர் ஆளின் மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு நான்கு சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. விளக்கக் கடிதத்தில் இந்தப் பெருக்கலை அப்படியே காட்டுங்கள். விலை உயரும் என்று பொதுவாகச் சொன்னால் பேரம் தொடங்கும். 84 நாள் என்று கணக்குக் காட்டினால், "நிலுவை மட்டும் போதும்" என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

வரி 9-இல் தொங்குவது 2,40,000 ரூபாய். "திருப்தி" என்பது ஒருவர் மனதில் இருப்பது, மூன்றாம் மனிதர் பார்த்து ஆயிற்று, ஆகவில்லை என்று சொல்ல முடியாது. விளக்கத்தின் தரத்தைச் சோதிக்கவும் இதே கேள்விதான் அளவுகோல்: ஆலையையும் உங்களையும் அறியாத ஒருவர் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தால் முடிவு சொல்ல முடியுமா? திருத்திய வரி 9 இப்படி இருக்கலாம்: "நிறுவிய பின் தொடர்ந்து 7 அரவை நாள் நோட்டிலும் மென்பொருளிலும் சேர்த்துப் பதியப்படும். எல்லா லோடுகளிலும் நிகர எடை இண்டிகேட்டர் சீட்டோடும், விவசாயிக்குச் சேரும் தொகை கைக்கணக்கோடும் ரூபாய் சுத்தமாகப் பொருந்தினால் வேலை முடிந்தது. குறை இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஆலை எழுத்தில் தெரிவிக்கும்."

அந்த 15 நாள் சும்மா எடுத்த எண் அல்ல. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எம்எஸ்எம்இடி சட்டம் 2006 தரும் காலம் அது. பொருளோ சேவையோ ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு எதுவானாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. உங்கள் வரி சட்டத்தின் சொற்களோடு ஒத்துப்போனால் எது ஒப்படைப்பு, எது ஆட்சேபம் என்ற தகராறு குறையும். உத்யம் பதிவு ஒப்பந்தத்துக்கு முன்பே இருக்கட்டும், பிரச்சினை வந்த பிறகு பதிந்தால் பழைய வேலைக்கு அது கை கொடுக்காது.

முடிவாகாத வரிக்கு

இனி வரி 6. முதலாளிக்கு எந்த ரிப்போர்ட் வேண்டும் என்பது அரவை தொடங்கிய பிறகுதான் தெரியும். கொள்முதல் ரிப்போர்ட், விவசாயி நிலுவை இவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் கிடங்குக்கு அனுப்பிய லாட் வாரியாக மூட்டைக் கணக்கு வேண்டும் என்பது டெண்டர் விற்பனை நடக்கும்போதுதான் நினைவுக்கு வரும். இங்கே விளக்கம் கேட்பதற்குப் பதில் அளவைக் கட்டிவிட வேண்டும். தெரிந்த ஆறு ரிப்போர்ட்டுகளைப் பெயரோடும், ஒவ்வொன்றிலும் வரும் நெடுவரிசைகளோடும் எழுதுங்கள். பெயரிடாத இரண்டை விலைக்குள் வைத்து, நிறுவியதிலிருந்து 60 நாளுக்குள் ஆலை சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 8,000 ரூபாய் என்று விகிதம் போடுங்கள். "எல்லா" என்ற சொல்லை வரியிலிருந்து எடுத்துவிடுங்கள், அது இருக்கும் வரை எட்டு என்ற எண் காப்பாற்றாது.

முடிவாகாத வரிகள் பாதிக்கு மேல் இருந்தால் வேலையையே இரண்டாகப் பிரிப்பது நல்லது. முதலில் இரண்டு வார ஆய்வுக்கு மட்டும் ஒரு சிறு ஒப்பந்தம். அதில் ஒப்படைக்க வேண்டியது ஒரே ஒரு தேவை ஆவணம். முதன்மை ஒப்பந்தம் அதன் பிறகு. நம் ஆலைக்கு ஒரே ஒரு வரிதான் என்பதால் அந்தச் செலவு தேவையில்லை.

எல்லாக் கேள்விகளையும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள், விலை, நாள், ஏற்பு ஆகியவற்றைத் தொடாத கேள்வியை விட்டுவிடுங்கள். நாளுக்கொன்றாகப் போகும் கேள்விகள்தான் "இவர்கள் வேலை செய்யப் போகிறார்களா, விசாரணை நடத்தப் போகிறார்களா" என்ற எரிச்சலைக் கிளப்பும். கடிதம் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவருக்கு, மேலாளருக்கு நகல். பதிலுக்கு 5 வேலை நாள். விலைக்கு இன்ன தேதி வரை செல்லுபடி என்று மூல விலைப்புள்ளியில் எழுதியிருந்தால் அந்தத் தேதியை நினைவூட்டினாலே போதும், வேறு அழுத்தம் தேவையில்லை. பதில் வந்ததும் அதைக் கேள்வி வடிவிலேயே ஒட்டாமல் உறுதி வாக்கியங்களாக மாற்றி இணைப்பில் எழுதுங்கள். "ஆமாம், ஆனால் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற மாதிரிப் பதில் வந்த வரி இன்னும் முடிவாகாதது, அதை வரி 6-ஐப் போல நடத்துங்கள்.

கையெழுத்தன்று இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரின் சுருக்கொப்பம், தேதி, மொத்தப் பக்க எண்ணிக்கை இருக்க வேண்டும். மின்னணு வழியில் கையெழுத்திட்டால் மூல ஆவணமும் இணைப்பும் ஒரே பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். தனித்தனிக் கோப்பாக அனுப்பினால், ஒன்றில் மட்டும் கையெழுத்து விழுந்து திரும்பி வரும்.